கல்வெட்டுப் பயிற்சிக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

எங்கள் வரலாற்றுத் துறை மன்ற விழாவுக்கு வந்து பேசியதற்கு மனமார்ந்த நன்றி. பேசி முடித்ததும் கிளம்பிவிடுவீர்கள் என்றுதான் நினைத்திருந்தோம். நீங்களோ மதியம் முழுவதும் எங்களோடு இருந்து, ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி, மைப்படி எடுக்கக் கற்றுத்தந்தீர்கள். கறுப்பு மைக்கு நடுவே எழுத்துகள் வெள்ளையாகத் தெளிந்தபோது முதலாண்டு மாணவர்கள் தங்களை மறந்து கைதட்டினார்கள். கீழடிப் பானை ஓட்டில் உள்ள ‘ஆதன்’ என்ற பெயரைப் பண்டைத் தமிழ் எழுத்தான தமிழியில் எழுதிக் காட்டினீர்களே, அன்றிலிருந்து பலரும் தங்கள் பெயரை அப்படித்தான் எழுதிப் பார்க்கிறார்கள்.

அப்புறம், பயணச் செலவைக்கூட வாங்க மறுத்துவிட்டீர்கள். அந்தத் தொகையில் நீங்கள் பரிந்துரைத்த கல்வெட்டு நூல்களைத் துறை நூலகத்துக்கு வாங்கிவிட்டோம்.

அன்புடன்,
செயலாளர், வரலாற்றுத் துறை மாணவர் மன்றம்