கருவாட்டுக் கணக்கு: தமிழ்த் தலைப்புகளும் ஃபார்முலா குறிப்புகளும்

மதினி, இந்தக் ‘குறிப்பு’ ஷீட் படிக்க மட்டும். இதில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. மற்ற ஷீட்களில் மஞ்சள் கட்டத்தில் மட்டும் எழுதுங்கள், வெள்ளைக் கட்டத்தில் ஃபார்முலா இருக்கிறது, அதில் தெரியாமல் ஒரு எண்ணைத் தட்டிவிட்டால் உடனே Ctrl+Z அடியுங்கள். SUM, IF போன்ற ஃபார்முலா பெயர்கள் இங்கிலீஷிலேயேதான் இருக்கும், அதைத் தமிழில் எழுதினால் எக்செல் ஏற்காது. தலைப்பும் ஷீட் பெயரும் மட்டும் தமிழ்.

முதலில் ‘பேலன்ஸ்’ பஞ்சாயத்தைச் சொல்லிவிடுகிறேன், தலைப்புகளைத் தமிழாக்கும் இந்த வேலையே அதனால்தான் ஆரம்பித்தது. பழைய ஃபைலில் மூன்று ஷீட்டிலும் பேலன்ஸ் என்றே போட்டு வைத்திருந்தேன். ஒன்றில் படகுக்காரருக்கு நாம் தர வேண்டிய பணம், இன்னொன்றில் மண்டி வியாபாரி நமக்குத் தர வேண்டிய பணம், மூன்றாவதில் ஷெட்டில் கிடக்கும் சரக்கு, அது கிலோ. எனக்குக் குழப்பமில்லை, நான் போட்டது. அப்பா ஒரு நாள் 6,200 என்று பார்த்துவிட்டு பாம்பனில் ஒரு படகுக்காரருக்குப் போன் போட்டு ‘பணத்தை எப்பத் தரப் போற’ என்று கேட்க, அவர் சிரித்துக்கொண்டே ‘அண்ணாச்சி, அது நீங்க எனக்குத் தரணும்’ என்றாராம். சரி, ‘பாக்கி’ என்று மாற்றலாம் என்றால் நம் வீட்டில் பாக்கியையும் இரண்டு பக்கத்துக்கும்தானே சொல்கிறோம். அதனால் நீளமாக இருந்தாலும் ‘கொடுக்க வேண்டியது’, ‘வர வேண்டியது’, ‘சரக்கு இருப்பு’ என்று மூன்றாகப் பிரித்துவிட்டேன்.

கொள்முதல் ஷீட்

| எழுத்து | பழைய தலைப்பு | இப்போது |
|---|---|---|
| A | டேட் | தேதி |
| B | சப்ளையர் | யாரிடம் |
| C | ஐட்டம் | மீன் |
| D | கிராஸ் | கூடையோடு எடை |
| E | டேர் | கூடை எடை |
| F | நெட் | மீன் எடை |
| G | ரேட் | கிலோ விலை |
| H | அமவுண்ட் | தொகை |
| I | அட்வான்ஸ் லெஸ் | முன்பணத்தில் கழித்தது |
| J | பெய்ட் | கையில் கொடுத்தது |
| K | பேலன்ஸ் | கொடுக்க வேண்டியது |

‘மொத்த எடை’, ‘நிகர எடை’ என்றுதான் முதலில் போட்டேன். சித்தப்பா நிகரத்தைப் பார்த்துவிட்டு இது என்ன பத்திரமா என்றார். தராசில் நிற்கும்போது வாயில் வருவது ‘கூடையோடு எவ்வளவு, கூடை எவ்வளவு’ என்பதுதான், அதையே வைத்துக்கொண்டேன்.

இந்த ஷீட்டில் ஃபார்முலா மூன்றே மூன்று. F, H, K என்ற வரிசையில்:

```
=D2-E2
=ROUND(F2*G2,0)
=H2-I2-J2
```

ROUND என்பது பைசாவை ரூபாயாக்குவது. ஒரு வரி சொல்கிறேன்: கூடையோடு 42.5, கூடை 2.5, அப்போ மீன் 40 கிலோ. கிலோ 60 என்றால் தொகை 2,400. முன்பணத்தில் 500 கழித்து, கையில் 1,500 கொடுத்தால் K-யில் 400 நிற்கும். K-யில் மைனஸ் வந்தால் பயப்பட வேண்டாம், கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம், அடுத்த கொள்முதலில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எடைக் கட்டத்தில் ‘40 கிலோ’ என்று எழுதாதீர்கள், வெறும் 40 போதும். எழுத்து கலந்தால் பக்கத்தில் #VALUE! என்று வந்து நிற்கும்.

தேதியை 05-04-2025 என்று அடித்தால் உங்கள் லேப்டாப்பில் ஏப்ரல் 5, என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மே 4 ஆகிவிடுகிறது, செட்டிங் வேறு. அதனால் 5-Apr-2025 என்று மாத எழுத்தோடு அடியுங்கள். தேதி கட்டத்தின் வலது பக்கம் ஒட்டினால் சரி. இடது பக்கம் ஒட்டிக்கொண்டால் எக்செல் அதை வெறும் எழுத்தாக எடுத்திருக்கிறது, மறுபடி அடிக்க வேண்டும்.

உலர்த்தல் ஷீட்

தேதி, மீன், பச்சை எடை, உப்பு, கருவாடு எடை, அப்புறம் F-ல் ‘தேறியது’. இங்கிலீஷில் ஈல்டு என்று இருந்தது, அகராதியைப் பார்த்தால் விளைச்சல் என்கிறது. கருவாடு என்ன வயலிலா விளைகிறது? மண்டபம் ஊரில் யாராக இருந்தாலும் ‘நூறு கிலோ போட்டா எவ்வளவு தேறும்’ என்றுதான் கேட்பார்கள்.

```
=IF(C2="","",E2/C2)
```

பச்சை எடை காலியாக இருந்தால் இதுவும் காலியாக நிற்கும், இந்த IF இல்லாவிட்டால் #DIV/0! என்று கத்தும். 40 கிலோ நெத்திலி போட்டு 11 கிலோ வந்தால் 27.5% காட்டும். மழை மூட்டத்தில் அரைகுறையாகக் காய்ந்ததை நிறுத்தால் சதவீதம் அதிகமாகத் தெரியும், அது லாபமில்லை, ஈரம். சரக்கு நன்றாகக் காய்ந்த பிறகு நிறுத்த எடையை மட்டும் E-யில் போடுங்கள்.

இருப்பு ஷீட்

A-யில் மீன் பெயர், B-யில் சரக்கு இருப்பு:

```
=SUMIFS('உலர்த்தல்'!E:E,'உலர்த்தல்'!B:B,A2)
-SUMIFS('விற்பனை'!D:D,'விற்பனை'!C:C,A2)
```

படிக்கிற விதம்: உலர்த்தலில் இந்த மீனின் பெயர் இருக்கிற வரிகளை எல்லாம் கூட்டு, அதிலிருந்து விற்பனையில் இதே பெயர் உள்ளதைக் கழி. இந்த ஃபார்முலாவுக்கு மீன் பெயர்தான் உயிர். நீங்கள் ‘நெத்திலி’ என்று எழுதி தம்பி ‘நெத்தலி’ என்று எழுதினால் எக்செலுக்கு அது இரண்டு மீன். பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும் அதே கதைதான், கண்ணுக்கும் தெரியாது. அதனால் மீன் கட்டத்தில் கீழே விரியும் பட்டியல் வைத்திருக்கிறேன், அதிலிருந்து தேர்ந்தெடுங்கள், அடிக்க வேண்டாம். புது மீன் வந்தால் ‘விலை’ ஷீட்டின் கடைசியில் சேர்த்தால் பட்டியலிலும் வந்துவிடும்.

விற்பனை ஷீட்

விலை தானாக வருவது இதில்தான்:

```
=IFERROR(VLOOKUP(C2,'விலை'!A:B,2,FALSE),"விலை இல்லை")
```

C-யில் உள்ள பெயரை விலை ஷீட்டில் தேடி அடுத்த கட்டத்தில் இருக்கும் விலையை எடுத்து வருகிறது. FALSE என்பது ‘அப்படியே அதே பெயர் வேண்டும், கிட்டத்தட்ட வேண்டாம்’ என்று சொல்வது, அதை எடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக H-ல் ‘வசூல் நிலை’. இங்கே நானே சறுக்கினேன். தலைப்பை மாற்றினால் ஃபார்முலா கெடாது, அது D2, E2 என்று கட்டத்தைத்தான் பார்க்கிறது. அந்தத் தைரியத்தில் கட்டங்களுக்குள் இருந்த Paid, Pending எல்லாவற்றையும் ‘வந்தது’, ‘வரணும்’ என்று மாற்றிவிட்டேன். மறுநிமிடம் மொத்த வர வேண்டியது பூஜ்யம், அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! கூட்டுகிற ஃபார்முலாவில் மேற்கோளுக்குள் பழைய வார்த்தை அப்படியே உட்கார்ந்திருந்தது. இப்போது இப்படி:

```
=SUMIFS(F:F,H:H,"வரணும்")
```

H-ல் ‘வரணும்’ என்பதை ‘வரவேண்டும்’ என்று நன்றாக எழுதலாமே என்று யாராவது திருத்தினால் மறுபடி பூஜ்யம்தான்.

முன்பணம் ஷீட்

வலைக்கும் டீசலுக்கும் கொடுத்தது இங்கே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, கழிக்க ஒன்றும் இருக்காது, எண் ஏறிக்கொண்டே போகும். ஃபைல் கெட்டுவிட்டது என்று எனக்குப் போன் போடாதீர்கள்.

##### என்று வந்தால் பிழையில்லை, கட்டம் ஒடுக்கமாக இருக்கிறது, தலைப்பு எழுத்தின் ஓரத்தில் இருமுறை தட்டினால் விரியும். #REF! வந்தால் மட்டும் யாரோ எதையோ அழித்திருக்கிறார்கள், சேமிக்காமல் மூடுங்கள்.

செலவு ஷீட்டில் ஒரு தலைப்பு முடிவாகவில்லை. நான் ‘இதர செலவு’ என்றேன், அப்பா ‘சில்லறை’ என்கிறார், சித்தப்பா அதில் டீ, கோயில் வரி, ஐஸ் எல்லாம் போகிறது, மூன்றாகப் பிரி என்கிறார். இப்போதைக்கு ‘சில்லறை’ என்று போட்டிருக்கிறேன். எந்த ஃபார்முலாவும் அந்த வார்த்தையைத் தொடவில்லை, மூவரும் பேசி முடித்ததும் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.