முப்பது குறியும் ஒரு கண்டமும்

அபிஷாவுக்குத் தண்ணீரில் கண்டம் என்று சோழிப் பாட்டா சொன்னது ஆடி மாதத்தில். அன்று முதல் ஆச்சி அவளைக் குளத்துப் பக்கமே விடவில்லை. தை மாதம் விவேகானந்தர் பாறைக்குச் சுற்றுலா என்று பள்ளிக்கூடத்தில் அறிவித்தார்கள். அம்மா கையெழுத்துப் போடவேண்டிய தாளை ஆச்சி வாங்கி, நான்காக மடித்து, அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் கண்ணாடிப் பாலமே வந்துவிட்டது, ஆச்சி."

"கரையிலிருந்து பாறைக்குப் பாலம் வந்துவிட்டதா? படகில்தானே போகவேண்டும்?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. மறுநாள் வகுப்பில் விசாரித்தாள். நாற்பத்திரண்டு பேரில் பதினோரு பேருக்குத் தண்ணீரில் கண்டம் இருந்தது. குளமும் கால்வாயும் கடலுமாகக் கிடக்கும் ஊரில் கண்டம் வேறு எதில் வரும்?

சோழிப் பாட்டா வேற்று ஆள் இல்லை, ஆச்சியின் அண்ணன்தான். செவ்வாயும் வெள்ளியும் திண்ணையில் பலகை போட்டுச் சோழி உருட்டுவார். அவருக்குக் கட்டன் சாயா கொண்டு போய்க் கொடுப்பது அபிஷாவின் வேலை. தம்ளரை வாங்குகிற சாக்கில் தூணோரம் உட்கார்ந்து, வந்தவர்களுக்கு அவர் சொல்வதை நோட்டில் எழுதத் தொடங்கினாள்.

தனக்குத் தானே மூன்று விதிகள் வைத்துக்கொண்டாள். நடப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். ஒருவருக்குச் சொன்னதில் சரிபார்க்கக்கூடிய முதல் குறியை மட்டுமே எடுக்க வேண்டும். பதினைந்து நாளுக்குள் ஆமா, இல்லையா என்று தெரிந்துவிட வேண்டும். மூன்றாவது விதியில்தான் பாதி அடிபட்டுப் போயிற்று. 'மனக்குழப்பம் நீங்கும்', 'ஒரு பெண்ணால் நன்மை உண்டு' என்பதையெல்லாம் எந்தக் கட்டத்தில் போடுவது? தேறியவை முப்பது. தூர தேசத்திலிருந்து தகவல் வரும், எதிர்பாராத செலவு வரும், தொலைந்த பொருள் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும், காலில் அடிபடும், மழை வேலையைக் கெடுக்கும் என்பன போல. தண்ணீரில் கண்டம் நான்கு பேருக்கு.

பதினைந்தாம் நாள் கடந்ததும் ஒவ்வொருவரையும் கேட்டு முடித்துக் கூட்டினாள். முப்பதில் பதினேழு பலித்திருந்தது. அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பாதிக்கு மேல்! பாட்டாவுக்கு உண்மையிலேயே ஏதோ தெரிந்திருக்கிறது என்றல்லவா ஆகிறது?

காப்பாற்றியது ஒரு பிழை. நோட்டைச் சரிபார்க்கும்போது தங்கம் மாமியின் வரி கண்ணில் பட்டது. தூர தேசத் தகவல் வந்ததா என்று அவள் மாமியிடம் கேட்டிருந்தாள். "வந்ததே மக்களே, குவைத்திலிருந்து உன் மாமா கூப்பிட்டார். பாட்டா சொன்னால் சொன்னதுதான்" என்று மாமியும் பூரித்துப் போயிருந்தாள். ஆனால் அந்தக் குறி மாமிக்குச் சொன்னதே இல்லை. ஒரு வரி தள்ளிப் படித்துவிட்டாள். அது மீன்கார அந்தோணி மாமாவுக்குச் சொன்னது. மாமிக்குச் சொன்னது காலில் அடிபடும் என்பது. அதுவும் பலித்திருந்ததால் பதினேழு மாறவில்லை. அடுத்தவர் குறி தனக்குப் பலித்ததற்காக மாமி பாட்டாவைப் புகழ்ந்துகொண்டிருந்தாள்.

அபிஷா நோட்டை மூடிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிற ஊரில் தூர தேசத் தகவல் யாருக்குத்தான் வராது? அப்படியானால், ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்கு மாற்றி வைத்தாலும் எத்தனை பலிக்கும்?

அடுத்த இரண்டு வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முப்பது வீட்டுக்கும் மறுபடி போய், முப்பது குறியையும் ஒவ்வொருவரிடமும் அதே பதினைந்து நாளை வைத்துக் கேட்டாள். சிலர் பலாக்கொட்டை வறுத்துக் கொடுத்தார்கள். சிலர், "பிள்ளைக்கு வேறு வேலை இல்லையா?" என்றார்கள். ரப்பர் பால் எடுக்கும் சுந்தரம் அண்ணன் மட்டும் முப்பதுக்கும் நின்று பதில் சொல்லிவிட்டு, "ரேஷன் கார்டுக்குக்கூட இவ்வளவு கேட்கவில்லை" என்றார். தொள்ளாயிரம் கட்டங்கள். கட்டம் கட்டமாக ஆமா, இல்லை.

பிறகு குறிகளைச் சீட்டுகளில் எழுதி ஆச்சியின் ஓலைப்பெட்டியில் போட்டுக் குலுக்கினாள். தம்பி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சீட்டு எடுத்தான். எடுத்த சீட்டு அந்த ஆளுக்குப் பலித்ததா என்று கட்டத்தைப் பார்த்து எண்ணினார்கள். முதல் குலுக்கலில் பதினைந்து. இரண்டாவதில் பதினெட்டு. தம்பி, "நான் பாட்டாவைவிடப் பெரிய ஆள்" என்று குதித்தான். அப்புறம் 16, 14, 17, 16, 19, 15, 16, 14. பத்துக் குலுக்கலையும் கூட்டினால் 160, சராசரி 16. சோழியே இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு ஏழு வயதுப் பையன் மூன்று முறை பதினேழையோ அதற்கு மேலோ தொட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு நோட்டைப் பாட்டா முன் வைத்தாள். திட்டு விழும் என்று கட்டன் சாயாவில் சர்க்கரை கூடுதலாகப் போட்டிருந்தாள். பாட்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார்.

"பதினேழா! இதைப் பெரிதாக எழுதித் திண்ணைச் சுவரில் ஒட்டு, மக்களே."

"அடுத்த பக்கத்தையும் பாருங்கள், பாட்டா."

பார்த்தார். பத்து எண்களையும் இரண்டு முறை பார்த்தார். பிறகு வெற்றிலையை மடித்து வாயில் அதக்கிக்கொண்டு, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இந்த மழையை என் கணக்கிலிருந்து எடுத்துவிடு. ஐப்பசியில் மழை வரும் என்று தொட்டில் பிள்ளைகூடச் சொல்லும்."

அபிஷா இதை எதிர்பார்க்கவில்லை. "எடுத்தால் குலுக்கல்களிலும் எடுக்க வேண்டும், பாட்டா. அது யாருக்கு விழுந்தாலும் பலிக்கிற சீட்டு. உங்களுக்குப் பதினாறு, தம்பிக்குப் பதினைந்து. வித்தியாசம் அதே ஒன்றுதான்."

"சரிதான்" என்றார் பாட்டா. கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. தங்கையின் பேத்தி கணக்கில் தன்னை மடக்கியதில் ஒரு பெருமைகூட இருந்ததோ என்னவோ. "தண்ணீரில் கண்டம் நாலு பேருக்குச் சொன்னேனே, அது?"

"முப்பது பேரையும் கேட்டேன். பத்தொன்பது பேருக்கு ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. கிணற்றுக் கயிறு அறுந்தது, கூரை ஒழுகியது, ஓடையில் வழுக்கியது."

பாட்டா சிரித்தபோது வெற்றிலைச் சாறு வேட்டியில் தெறித்தது. ஆச்சியைக் கூப்பிட்டு, "அந்தத் தாளில் கையெழுத்துப் போடச் சொல்லு" என்றார். கணக்கு ஆச்சிக்கு விளங்கவில்லை. அண்ணன் சொன்னதால் போகட்டும் என்றாள். அரிசிப் பானையை நகர்த்தித் தாளை எடுத்துக் கொடுக்கும்போது, கையில் ஒரு கறுப்புக் கயிற்றையும் கட்டிவிட்டாள்.

தை மாதம் படகில் எல்லாருக்கும் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். பாறையை நெருங்கும் நேரத்தில் பக்கவாட்டில் ஓர் அலை எழும்பி மொத்தமாக உள்ளே கொட்டியது. ஆசிரியர்களின் குடை, சோற்றுப் பொட்டலம், அபிஷாவின் பாவாடை, எல்லாம் நனைந்தன.

சாயங்காலம் உப்புக் கரித்த தலைமுடியோடு வீட்டுக்குள் நுழைந்தவளை ஆச்சி வாசலிலேயே நிறுத்தினாள்.

"பார்த்தாயா! அன்றைக்கே சொன்னார், தண்ணீரில் கண்டம் என்று!"

அபிஷா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அதுவும் ஓரம் நனைந்திருந்தது. புதுப் பக்கத்தில் 31 என்று எண் போட்டு, தன் பெயரை எழுதி, அதற்கு நேராக 'ஆமா' என்று குறித்தாள். அதற்குக் கீழே, படகில் வந்த மற்ற நாற்பத்தோரு பேரின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தாள்.