பகல் ஷிஃப்ட் ஒப்படைப்புக் குறிப்பு: மருந்தகம், வியாழன் இரவு 8 மணி

அக்கா, இன்று மீதம் கொஞ்சம் அதிகம். அவசரமானதை முதலில் எழுதுகிறேன்.

ஆண்கள் மெடிக்கல் வார்டு 14-ஆம் படுக்கை. இதய வால்வு மாற்றியவர், வார்ஃபரின் 5 மி.கி. எடுக்கிறார். மாலை ரவுண்ட்ஸில் மெட்ரோனிடசோல் 400 மி.கி. மூன்று வேளை எழுதியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் ஐஎன்ஆர் ஏறும், நேற்றே 2.8. டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். "கேஸில் இருக்கிறேன், கூப்பிடுகிறேன்" என்றார், இன்னும் கூப்பிடவில்லை. முதல் டோஸ் 10 மணிக்கு. அதனால் மெட்ரோனிடசோலை இன்னும் கொடுக்கவில்லை, சீட்டு கவுண்டரில் கிளிப் போட்டு இருக்கிறது. 9 மணி வரை பாருங்கள், அதற்குப் பிறகு நீங்களே அழையுங்கள். அவர் எடுக்காவிட்டால் கார்டியாலஜி ஆன்-கால். வேறு மருந்தா, இல்லை இதையே கொடுத்து ஐஎன்ஆரை அடிக்கடி பார்ப்பதா என்பதை அவர்கள் சொல்லட்டும். வார்டிலிருந்து "அப்போ வார்ஃபரினை நிறுத்திவிடவா" என்று கேட்டார்கள். வால்வு போட்டவருக்கு அதை நாம் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டேன். உங்களிடமும் கேட்பார்கள்.

அடுத்து குழந்தைகள் வார்டு. பாராசிட்டமால் சிரப் 120 (5 மில்லிக்கு 120 மி.கி.) மதியமே தீர்ந்துவிட்டது. இப்போது இருப்பது 250 மட்டும்தான். அங்கே சிஸ்டர்கள் கை 120-க்குப் பழகியது. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்றால் பழைய பாட்டிலில் ஆறே கால் மில்லி, இதில் 3 மில்லி. பழைய கணக்கில் ஊற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். மாலை ஷிஃப்ட் சிஸ்டரிடம் நேரில் சொல்லிவிட்டேன், ஆனால் இரவு வருகிறவர் வேறு. ஒவ்வொரு பாட்டிலிலும் "250" என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, எத்தனை மில்லி என்பதையும் லேபிளில் எழுதிக் கொடுங்கள். சீட்டில் வெறும் "6 மில்லி" என்று வந்தால் எடையைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். 120 நாளை காலை வரும் என்கிறார் சப்ளையர். நேற்றும் இதைத்தான் சொன்னார்.

ஃப்ரிட்ஜ்: மதியம் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கத் தாமதமானது. பெரிய ஃப்ரிட்ஜ் 11 டிகிரி வரை ஏறி, இப்போது 5-க்கு வந்துவிட்டது. இன்சுலினுக்குக் கவலை இல்லை, கொடுக்கலாம். ரேபிஸ் தடுப்பூசியை மட்டும் தனிப்பெட்டியில் வைத்து "கொடுக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். சீஃப் காலையில் பார்த்து முடிவு சொல்வார். இரவில் நாய்க்கடி வந்தால் கேஷுவாலிட்டி ஃப்ரிட்ஜில் 4 வயல் இருக்கிறது, அது வேறு லைன் என்பதால் ஏறவில்லை. மணிக்கொரு முறை வெப்பநிலையை நோட்டில் குறித்துவிடுங்கள். 8-ஐத் தாண்டினால் உடனே எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லுங்கள்.

பாம்புக்கடி மருந்து 14 வயல்தான். ஒரு ஆளுக்கு ஆரம்ப டோஸே 8 முதல் 10 போகும். மழை வேறு பெய்கிறது. முதல் கேஸுக்கு எடுத்த உடனேயே கேஷுவாலிட்டிக்கு "மீதி இவ்வளவுதான்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது ஆள் வாசலுக்கு வந்த பிறகு சொன்னால், வேறு இடத்துக்கு அனுப்புவதா என்று யோசிக்கவே அவர்களுக்கு நேரம் இருக்காது.

மார்ஃபின்: காலையில் 20, இப்போது பெட்டியில் 18. ஐசியூவுக்கு இரண்டு ஆம்பூல் போனது, ஒன்று போட்டுவிட்டார்கள். மற்றது உபயோகிக்காமல் அங்கேயே இருக்கிறது. அது திரும்பி வர வேண்டும், போட்டதன் காலி ஆம்பூலும் வர வேண்டும். பதிவேட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன். நீங்கள் வந்ததும் சேர்ந்து எண்ணி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி கை மாறும். ஆட்டோ காத்திருந்தாலும் பரவாயில்லை, நான் இருக்கிறேன்.

9-ஆம் வார்டு மெரோபெனம் 1 கிராம்: இன்றைய கிரியாட்டினின் ரிசல்ட் 9 மணிக்கு வரும். ஏறியிருந்தால் டோஸ் மாறும் என்று நெஃப்ராலஜியில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த டோஸ் நள்ளிரவு 12 மணிக்கு, ரிசல்ட் பார்த்து அனுப்புங்கள். ஹெச்1 பதிவேட்டில் இன்று வரை ஏற்றியாகிவிட்டது.

பொட்டாசியம் குளோரைடு புது லாட் வந்திருக்கிறது. ஆம்பூல் அச்சு அசலாக ஸ்டெரைல் வாட்டர் மாதிரியே இருக்கிறது, யார் யோசித்தார்களோ. இரண்டும் ஒரே ரேக்கில் கிடந்தன, பிரித்துவிட்டேன். பொட்டாசியம் இப்போது பூட்டிய அலமாரியில், சிவப்பு ட்ரேயில்.

மற்றதெல்லாம் சின்னது. முதல்வர் காப்பீட்டுத் திட்ட டிஸ்சார்ஜ் மூன்று பேருக்கு மருந்து பேக் செய்து, பெயர் எழுதி கவுண்டருக்குக் கீழே வைத்திருக்கிறேன். அப்ரூவல் வராததால் காலையில்தான் போவார்கள், இரவில் யார் வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டாம். லேபிள் பிரிண்டர் இரண்டு லேபிளுக்கு ஒன்றை விழுங்குகிறது. ரோலைக் கழற்றி மாட்டினால் கொஞ்ச நேரம் ஓடும், இல்லாவிட்டால் கையால் எழுதிவிடுங்கள்.

14-ஆம் படுக்கை விஷயத்தில் டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு மெசேஜ் மட்டும் போடுங்கள் அக்கா. 11 மணி வரை விழித்திருப்பேன்.