29சி, காலை நேரம், மூன்று வரி

ஜூன் மாதப் பேருந்து
மடியில் யாரோ பிள்ளையின் பை
அடியில் சோற்றுச் சூடு

கவிதை இவ்வளவுதான். இதற்குள் என்ன இருக்கிறது, எதையெல்லாம் வெளியே தள்ளினேன் என்று எழுதி வைக்கத் தோன்றியது, அதனால் இது.

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகிற 29சி. காலையில் அதில் ஏறியவர்களுக்குத் தெரியும், புரசைவாக்கம் வருவதற்குள் நிற்கிறவர்களுக்குக் கம்பி கூடக் கிடைக்காது, கண்டக்டர் பின் படிக்கட்டுப் பக்கமிருந்து "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார், நடுவில் ஒரு காலியும் இருக்காது. நான் ஏறுகிற இடத்தில் பெரும்பாலும் உட்கார இடம் கிடைத்துவிடும். அன்றைக்கும் உட்கார்ந்திருந்தேன். புரசைவாக்கத்தில் ஏறிய ஒரு பையன், ஆறாவதோ ஏழாவதோ படிப்பான், கூட்டத்தில் தள்ளுப்பட்டு என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, இத வச்சுக்கோங்க" என்று பையைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டான். நான் சரி என்று சொல்லும் வரைக்கும் காத்திருக்கவில்லை. நம் ஊர் பஸ்ஸில் அதற்குக் காத்திருக்கவும் தேவையில்லை, உட்கார்ந்திருப்பவர் மடி நிற்கிறவருடைய பைக்குத்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம். பை புத்தம்புதுசு, ஜிப்பின் ஓரத்தில் விலை அட்டை தொங்கிய பிளாஸ்டிக் நூல் இன்னும் வெட்டப்படாமல் இருந்தது, கடையிலிருந்து வந்த ரெக்சின் வாசனையும் போகவில்லை. நல்ல கனம். தண்ணீர் பாட்டில் என் முழங்கையில் இடித்துக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரம் போன பிறகுதான் தொடையில் சூடு பட்டது. பையின் அடியில் சாப்பாட்டு டப்பா. சாம்பார் சாதமா, புளிசாதமா, எதுவும் தெரியவில்லை, வாசனையும் வரவில்லை, வெறும் சூடு மட்டும் துணியைத் தாண்டி வந்தது. யாரோ ஒரு அம்மாவோ பாட்டியோ, அப்பாவாகக்கூட இருக்கலாம், அரை மணி நேரத்துக்கு முன்னால் அடுப்பிலிருந்து இறக்கிய சோறு, இதுவரை பார்த்தேயிராத என் மடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

முதலில் எழுதியது இப்படி இருந்தது:

நெரிசலிலும் மனிதம் பூக்கிறது
முகம் தெரியாத சிறுவனின் சுமை
என் மடியில் இறங்குகிறது

எழுதிய உடனே அடித்துவிட்டேன். "மனிதம் பூக்கிறது" என்று நானே சொல்லிவிட்டால் வாசிப்பவருக்குச் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது? தமிழில் ஹைக்கூ என்ற பெயரில் வருவதில் பாதி இந்த மாதிரிதான், மூன்றாவது வரியில் ஒரு கருத்து, இல்லையென்றால் ஒரு திடுக் திருப்பம், விடுகதைக்கு விடை சொல்வது மாதிரி. எனக்கு அது பிடிப்பதில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன். பாரதி 1916-இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியபோதே சுருக்கத்தைத்தான் வியந்தார். சுருக்கம் என்பது நீளமான ஒன்றைக் குறைவான சொற்களில் அடைப்பது என்று நான் நினைக்கவில்லை, கவிஞர் தன் அபிப்பிராயத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவதும் அதில் சேர்த்திதான். அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் பாரிஸ் மெட்ரோ நிலையத்தில் கூட்டத்துக்குள் பார்த்த முகங்களைப் பற்றி முதலில் முப்பது வரி எழுதி, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடைசியில் 1913-இல் இரண்டே வரியாக வெளியிட்டார். போன இருபத்தெட்டு வரியில் என்ன இருந்திருக்கும் என்று இப்போது என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது.

அடுத்து பையைப் பற்றி எழுதினேன். விலை அட்டை நூல், ரெக்சின் வாசனை, தண்ணீர் பாட்டில் எல்லாம் வந்தது. எல்லாமே உண்மை, எல்லாமே எனக்குப் பிடித்தவை, ஆனால் மூன்று வரியில் மூன்று பொருள் வந்தால் ஒன்றும் நிற்பதில்லை. பிளாஸ்டிக் நூலை எடுக்கத்தான் மனசே வரவில்லை. கடைசியில் அதற்குப் பதிலாக "ஜூன் மாதம்" வந்தது. ஹைக்கூவில் பருவத்தைச் சொல்லும் ஒரு சொல் இருக்கும் என்பார்கள், ஜப்பானில் செர்ரிப்பூ, பனி, தவளை என்று நீளமான பட்டியலே உண்டு. சென்னைப் பேருந்துக்குள் செர்ரிப்பூவுக்கு எங்கே போவது? இங்கே பருவம் வேறு மாதிரி வரும். மே மாதம் முழுக்க பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகளே இருக்கமாட்டார்கள், ஜூனில் ஒருநாள் காலையில் திடீரென்று பஸ் முழுக்கப் புதுப் பை. ஐப்பசியில் ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டு உள்ளே புழுங்கும். நமக்கு இதுதான் பருவம், கவிதையிலும் இதுவே இருக்கட்டும்.

என் தோழி படித்துவிட்டு, "எல்லாம் சரி, கூட்டம் எங்கடி? நெரிசல்னு ஒரு சொல்கூட இல்லையே" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் காலியான பஸ்ஸில் யாரும் யார் மடியிலும் பையை வைப்பதில்லை. அந்தப் பை அங்கே இருக்கிறது என்றாலே அதைச் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் வந்துவிடுகிறார்கள், முதுகோடு முதுகு ஒட்டி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "நெரிசல்" என்று எழுதினால் அவர்களை நான் சுட்டிக் காட்டுகிறேன், எழுதாவிட்டால் வாசிப்பவரே அவர்களுக்கு நடுவில் நிற்கிறார். அவள் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "பேருந்து"க்குப் பதிலாக "பஸ்" என்று போடலாமே என்றாள், அதை யோசித்துப் பார்த்தேன், வாயால் சொல்லிப் பார்த்தபோது முதல் வரி சட்டென்று முடிந்துபோனது, எனக்கு அந்த வரி கொஞ்சம் நீண்டு, அசைந்து, நிற்கவேண்டும். அப்புறம் மடியில், அடியில் என்று எதுகை விழுந்தது நான் தேடிப் போய் வைத்ததில்லை, வந்ததை எடுக்க மனசில்லாமல் விட்டுவிட்டேன்.

"சோற்றுச் சூடு" என்பதிலும் கொஞ்ச நேரம் நின்றேன். "டிபன் பாக்ஸ்" என்று எழுதியிருந்தால் படம் இன்னும் துல்லியமாக இருந்திருக்கும். ஆனால் நான் டப்பாவைப் பார்க்கவே இல்லை. எனக்குக் கிடைத்தது சூடு மட்டும். பார்க்காததை எழுதவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பையன் நுங்கம்பாக்கத்தில் இறங்கினான். பையை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து போய்விட்டான், தேங்க்ஸும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை, விசில் அடித்ததும் பஸ் கிளம்பிவிட்டது. அதையும் கவிதைக்குள் கொண்டுவரப் பார்த்தேன், நான்காவது வரி இல்லை.

அதே பஸ்ஸிலிருந்து இன்னொன்று பாதியில் நிற்கிறது. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆனாலும் முன்னால் ஏறிய ஆண்களின் காசைப் பின்னால் கண்டக்டருக்கு அனுப்புவதும், டிக்கெட்டையும் மீதியையும் வாங்கி முன்னால் தருவதும் இன்னும் எங்கள் கைகள் வழியாகத்தான். இரண்டு வரி வந்திருக்கிறது:

கை மாறிக் கை மாறி
கண்டக்டரைத் தேடும் பத்து ரூபாய்

மூன்றாவது வரிக்கு "நம்பிக்கை" என்று முடிக்கத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும், எனக்கும்தான். அது வேண்டாம். வேறு ஏதாவது, கண்ணால் பார்க்கிற மாதிரி, கையால் தொடுகிற மாதிரி தோன்றினால் சொல்லுங்கள்.