ளகரமும் ழகரமும்: கேட்டுப் பிரித்தறிந்த பின் ஒலித்தல்

பெங்களூரு அல்சூர் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, இரண்டாம் நிலை, பாடம் 9
நேரம்: 75 நிமிடம். கற்போர்: கன்னட வழிப் பள்ளிகளில் படித்த, வீட்டில் தமிழ் பேசும் பெரியவர்கள் 14 பேர்.

நடத்துபவருக்கு

இவ்வகுப்பில் உள்ளவர்களுக்கு லகரமும் ளகரமும் குழம்புவதில்லை. கன்னடம் அவ்விரண்டையும் தெளிவாகப் பிரிக்கும் மொழியாதலால், புலியையும் புளியையும் அவர்கள் எளிதாகவே பிரித்தறிகிறார்கள். பழங்கன்னடத்தில் இருந்த ழகரமோ பிற்காலத்தில் பெரும்பாலும் ளகரத்தோடு கலந்துவிட்டது. நாம் ஏழு என்பதை அவர்கள் நாள்தோறும் 'ஏளு' என்றும், கோழியைக் 'கோளி' என்றும், வாழையைப் 'பாளெ' என்றும் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். வீட்டுத் தமிழிலும் பலருடைய பெற்றோர் 'வாளப்பளம்' என்றே சொல்வார்கள். ஆகவே அவர்கள் ழகரத்தைத் தவறாக ஒலிக்கிறார்கள் என்பதைவிட, அப்படி ஒரு தனியொலி இருப்பதையே அவர்களுடைய செவி இன்னும் பதிவு செய்யவில்லை என்பதே உண்மை. இந்த நிலையில் 'நாக்கை மடித்துச் சொல்லுங்கள்' என்று தொடங்கினால், அவர்கள் நாக்கை மடித்து இன்னும் அழுத்தமான ளகரத்தையே சொல்வார்கள். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னதாகவே நம்புவார்கள்.

அதனால் முதல் 45 நிமிடம் கற்போர் எவரும் வாய் திறக்க வேண்டியதில்லை. மெல்ல முணுமுணுத்துப் பார்ப்பதையும் அன்போடு தடுத்துவிடுங்கள். தம் வாயில் பிறக்கும் தவறான ஒலி, சற்றுமுன் கேட்ட சரியான ஒலியை மறைத்துவிடும். ஜப்பானியர் ஆங்கிலத்தின் ரகர லகரங்களைப் பிரித்தறிவது பற்றி லோகன், லைவ்லி, பிசோனி ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வு, பலருடைய குரலில் பதிந்த சொல்லிணைகளைக் கொண்டே பயிற்சி தந்தது. 1997இல் பிராட்லோவும் அவருடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட ஆய்வில், கேட்கும் பயிற்சியை மட்டுமே பெற்றவர்களின் ஒலிப்பும் திருந்தியிருந்தது. நம் பாடத்தின் வரிசை அதையொட்டியதே.

பதிவில் மூன்று குரல்கள் உள்ளன: கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண் ஒருவர், தஞ்சாவூர்ப் பெரியவர் ஒருவர், சென்னையில் வளர்ந்த இளைஞர் ஒருவர். பதிவு ஓடாவிட்டால் நீங்களே படிக்கலாம். அப்போது மூன்றைக் கவனியுங்கள். வாயைக் குறிப்பேட்டால் மறைத்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் அவர்கள் செவியை விட்டு உங்கள் நாவைப் பார்ப்பார்கள். இணையின் இரண்டாம் சொல்லில் குரலை இறக்காதீர்கள். இறக்கினால் ஒலியைக் கேளாமல் இராகத்தைக் கேட்பார்கள். ழகரம் வரும் சொல்லை அன்பு மிகுதியால் நீட்டிச் சொல்லாதீர்கள். இந்த மூன்றாவது பழக்கம் தமிழாசிரியர்களிடம் மிகுதி. வகுப்பில் பத்துக்குப் பத்து எடுத்தவர் தெருவில் ஒன்றையும் பிரித்தறியாமல் நிற்பதற்கு அதுவே பெருங்காரணம்.

முதற்பகுதி: ஒன்றா, வேறா? (15 நிமிடம்)

கரும்பலகையில் எதையும் எழுதாமல் இவ்வாறு சொல்லுங்கள்:

"இப்போது இரண்டிரண்டு சொற்களாகக் கேட்கப் போகிறீர்கள். பொருளைப் பற்றி நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே சொல் என்றால் கையை மூடி உயர்த்துங்கள். வெவ்வேறு சொல் என்றால் கையை விரித்து உயர்த்துங்கள். குரல் மாறும், குரல் மாறியதற்காகச் சொல் மாறியதாகக் கொள்ளாதீர்கள். கண்களை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பது உங்களுக்குத் தேவையில்லை."

1. வாழை – வாளை
2. கிளி – கிளி
3. வழி – வழி
4. உளவு – உழவு
5. குழம்பு – குளம்பு
6. தழை – தழை
7. ஒளி – ஒழி
8. விளி – விளி
9. அழி – அளி
10. தாழ் – தாழ்

ஒவ்வோர் இணைக்கும் பிறகு உடனே விடையைச் சொல்லி, அதே இணையை மீண்டும் ஒருமுறை கேட்கச் செய்யுங்கள். விடையைக் கடைசியில் மொத்தமாகச் சொல்வதால் பயனில்லை. அதற்குள் ஒலி நினைவிலிருந்து போய்விடும். எவரேனும் ஐந்து சரியாகச் சொல்லியிருந்தால் அதைப் பாதி வெற்றியாக எண்ண வேண்டாம். இரண்டில் ஒன்றைத் தேர்வதில் ஐந்து என்பது கண்ணை மூடிச் சொன்னாலும் கிடைப்பது. எட்டைத் தொடும் வரை வரிசையை மாற்றி மாற்றி நடத்துங்கள்.

இரண்டாம் பகுதி: எது அது? (15 நிமிடம்)

இங்கேதான் பொருள் நுழைகிறது. ஒவ்வொருவரிடமும் எட்டுப் பட அட்டைகள் இருக்கும். இடப்பக்க வரிசையில் வாளைமீன், மாட்டின் குளம்பு, கேழ்வரகுக் களி, தொலைநோக்கியோடு உளவு பார்க்கும் ஆள். வலப்பக்க வரிசையில் வாழைமரம், குழம்புச் சட்டி, ஊன்றுகழி, ஏர் உழவு. இடப்பக்கம் முழுதும் ளகரம், வலப்பக்கம் முழுதும் ழகரம் என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம். ஏழாவது எட்டாவது சொல்லில் அவர்களே கண்டுகொள்வார்கள், அப்போது அந்த முகமலர்ச்சியைக் கெடுத்துவிடாதீர்கள்.

"கேட்ட சொல்லின் படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். சொல்ல வேண்டாம், தொடுங்கள்."

வாழை, குளம்பு, களி, உழவு, வாளை, களி, குழம்பு, உளவு, உழவு, கழி, வாளை, குழம்பு.

பன்னிரண்டில் பத்துச் சரியாக வந்தால் அடுத்த பகுதிக்குச் செல்லலாம். முதல் முறை ஒரே குரலிலும், இரண்டாம் முறை மூன்று குரல்களும் கலந்தும் ஒலிக்கட்டும். ஒரு குரலில் மட்டும் தேறியவர் அந்தக் குரலுக்குப் பழகியவரே தவிர, ழகரத்தை அறிந்தவர் அல்லர்.

மூன்றாம் பகுதி: தொடரில் கேட்டல் (15 நிமிடம்)

தொடரில் மற்றச் சொற்களே பொருளைக் காட்டிக்கொடுத்துவிட்டால் செவிக்கு வேலையில்லாமல் போகும். 'குழம்பில் உப்பு அதிகம்' என்பது எவருக்கும் ஐயம் தராது. ஆதலால் கீழே உள்ள தொடர்கள் இரண்டு சொல்லுக்கும் இடம் தருமாறு அமைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் இரண்டு வடிவங்களில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு, அடுத்துவரும் வினாவைக் கேளுங்கள். விடையை அவர்கள் தாளில் எழுதட்டும்.

வாளை விலை ஏறிவிட்டது. / வாழை விலை ஏறிவிட்டது. – மீன் கடைக்காரரா, பழக்கடைக்காரரா, யார் சொல்லியிருப்பார்?

குளம்பில் கல் இருந்தது. / குழம்பில் கல் இருந்தது. – துன்பப்பட்டது மாடா, மனிதரா?

உளவுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. / உழவுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. – அவர் சென்ற இடம் வயலா, வேறிடமா?

அவர் திடீரென்று விளித்தார். / அவர் திடீரென்று விழித்தார். – யாரையேனும் அழைத்தாரா, தூக்கம் கலைந்தாரா?

அவர் கேட்ட கடிதங்களை அளித்துவிட்டார்கள். / அவர் கேட்ட கடிதங்களை அழித்துவிட்டார்கள். – கடிதங்கள் இப்போது அவர் கையில் இருக்கின்றனவா?

கடைசித் தொடரில் சற்று நேரம் செலவிடுங்கள். ஓர் ஒலி மாறினால் கொடுத்தது கெடுத்ததாகிவிடுகிறது என்பதை அவர்கள் தாமாகவே உணரும் இடம் இது. 'எல்லாரும் ளகரமாகத்தானே பேசுகிறார்கள், புரியத்தானே செய்கிறது?' என்ற வினா வகுப்பில் கட்டாயம் எழும். அது நியாயமான வினாவே. பேச்சில் பெரும்பாலும் சூழல் காப்பாற்றிவிடுகிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் எழுதும்போது செவியைத் தவிர வேறு துணை இல்லை. இவர்கள் செய்யும் எழுத்துப்பிழைகளில் பெரும்பகுதி இந்த ஓரிடத்தில்தான் பிறக்கிறது.

நான்காம் பகுதி: ஒலித்தல் (25 நிமிடம்)

மூன்றாம் பகுதியில் ஐந்தில் நான்கு சரியாக எழுதியவர்கள் இதில் சேரட்டும். மற்றவர்கள் காதொலிப்பானோடு முதற்பகுதியைத் தொடரலாம். ஒரு வாரம் பிந்துவதால் குறையொன்றுமில்லை என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

"வருடல் ளகரத்துக்கு நாவின் நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொடும், நாவின் இரு பக்கமும் காற்றுக்கு வழி விட்டிருக்கும். சிறப்பு ழகரத்துக்கும் நுனி அதே போல மேலே வளையும், ஆனால் தொடாது. பக்கங்களோ மேல் கடைவாய்ப்பற்களின் உட்புறத்தை ஒட்டி நிற்க, காற்று நடுவே செல்லும். முதலில் ஓசையின்றி ளகரத்துக்கு நாவை வைத்துக்கொண்டு காற்றை உள்ளிழுங்கள். குளிர்ச்சி எங்கே படுகிறது? நாவின் இரு ஓரங்களிலும். இப்போது நுனியை மட்டும் மயிரிழை இறக்கி, ஓரங்களைப் பற்களோடு ஒட்டி, மீண்டும் உள்ளிழுங்கள். குளிர்ச்சி நடுவுக்கு வந்துவிட்டதா? அதுதான் ழகரத்தின் இடம்."

தொல்காப்பியம் ழகரத்தை ளகரத்தோடு சேர்க்காமல், ரகரத்தோடு சேர்த்து, நுனிநா வளைந்து அண்ணத்தை வருடப் பிறப்பதாகக் கூறுகிறது; நாவிளிம்பின் தொழிலை லகர ளகரங்களுக்கே உரியதாக்குகிறது. வளைந்த நுனியின் நினைப்போடு ரகரத்திலிருந்து ழகரத்துக்குச் செல்லுமாறு சொன்னால், ளகரத்திலிருந்து செல்வதைவிடப் பலருக்கு எளிதாக வருகிறது.

இரண்டு ஒலியும் தமிழில் சொல்லுக்கு முதலில் வருவதில்லை; ஆதலால் இறுதியிலிருந்து தொடங்குவோம். 'ஆ' என்று நீட்டி, ஓசையை நிறுத்தாமல் நாவை வளைக்கச் செய்யுங்கள்: ஆழ், வாழ், தாழ். பிறகு ஆள், வாள், தாள். ழகரத்தை மூச்சு உள்ளவரை நீட்ட முடிகிறதா என்று பாருங்கள். நடுவில் நாவு எதையேனும் தட்டினால் அது ளகரமாகிவிட்டது. அடுத்து இடையில் வரும் இணைகள்: வாழை – வாளை, கழி – களி, விழி – விளி, அழி – அளி. ஒருவர் சொல்ல, எதிரில் இருப்பவர் உரிய படத்தையோ பொருளையோ காட்ட வேண்டும். சொன்னவர் வாழை என்று நினைத்துச் சொல்லியும் எதிரில் இருப்பவர் மீனைக் காட்டினால் திருத்தம் அங்கேயே நிகழ்ந்துவிடுகிறது. நீங்கள் குறுக்கிட வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. ழகரம் கைவந்த மகிழ்ச்சியில் சிலர் நாளையை 'நாழை' என்றும், வாழ்த்துகளை 'வாழ்த்துகழ்' என்றும் சொல்லத் தொடங்குவார்கள். அதற்கு மருந்து ஒலிப்புப் பயிற்சி அன்று. முதற்பகுதிக்குத் திரும்பிக் கேட்கச் செய்வதே. ழகரம் இரட்டிப்பதில்லை என்பதையும் சொல்லிவையுங்கள்: பள்ளம், வெள்ளம், உள்ளம் போன்ற சொற்களில் ஐயத்துக்கே இடமில்லை.

வீட்டுப் பயிற்சி

"நாள்தோறும் பத்து நிமிடம் மூன்று குரல் பதிவையும் கேளுங்கள், சொல்லிப் பழகுவது அதற்குப் பின் ஐந்து நிமிடம் போதும். வீட்டில் பெரியவர்கள் 'மள பெய்யுது' என்றால் திருத்தாதீர்கள்; அது அவர்கள் ஊர்த் தமிழ். எந்த ஒலி வந்தது என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டால் போதும். அடுத்த சனிக்கிழமை, இதுவரை நீங்கள் கேட்டிராத நான்காவது குரலில் பத்து இணைகளைக் கேட்டபின் பாடத்தைத் தொடர்வோம்."