அனுமதியின்றி எடுக்கப்பட்ட ரூ.44,499-ஐத் திரும்ப வரவு வைக்கக் கோரி

அனுப்புநர்:
மு. பழனியப்பன் (வயது 74),
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்,
நாகலூர், ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
ஏற்காடு கிளை.

நாள்: 14.03.2024

பொருள்: 4417 என முடியும் சேமிப்புக் கணக்கில் நடந்த ஆன்லைன் மோசடி.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த 11-ஆம் தேதி திங்கட்கிழமை இரவு 11.42-க்கு ரூ.24,999, ஐந்து நிமிடம் கழித்து ரூ.19,500 என இரண்டு தடவை என் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது. பாஸ்புக்கில் இரண்டுக்கும் நேரே ECOM என்று விழுந்துள்ளது. இந்த வருட மிளகு விற்று வந்த பணம் அது.

எங்கள் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. காலையில் தோட்டத்து ஓரம் சில்வர் ஓக் மரத்தடிக்கு வந்தபோதுதான் இரண்டு குறுஞ்செய்திகளும் சேர்ந்து விழுந்தன. ஓடிபி எதுவும் வரவில்லை. உடனே வங்கியின் இலவச எண்ணில் சொல்லி ஏடிஎம் கார்டை முடக்கினேன் (புகார் எண் 60318). அப்புறம் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் பேசிப் புகார் பதிந்தேன். எல்லாம் 12-ஆம் தேதி மதியத்துக்குள் முடிந்தது.

என்னிடம் இருப்பது பட்டன் போன். நெட் பேங்கிங் கேட்டு நான் எழுதிக் கொடுத்ததே இல்லை. கார்டு வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. பென்ஷன் எடுக்க ஏடிஎம்முக்குத் தவிர அது வெளியே போனதில்லை. அப்படியிருக்க, நேற்று கவுன்டரில் இருந்த தம்பி, "யாருக்காவது ஓடிபி சொல்லியிருப்பீங்க பெரியவரே" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வராத எண்ணை எப்படிச் சொல்ல முடியும்? அது எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்குப் போனது என்பதை உங்கள் பதிவேட்டைப் பார்த்து எழுத்தில் தாருங்கள்.

ரிசர்வ் வங்கியின் 06.07.2017 சுற்றறிக்கை தாங்கள் அறிந்ததே. வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் வெளியார் செய்த மோசடியை, தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டப் பொறுப்பு கிடையாது. தவறு என்னுடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். எனவே, நான் தெரிவித்த நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் ரூ.44,499-ஐத் தற்காலிகமாக வரவு வைத்து, 90 நாளுக்குள் விசாரணையை முடித்துத் தரக் கோருகிறேன். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுவேன். அந்த அளவுக்குப் போகாது என்று நம்புகிறேன். இத்தனை வருடமாக இந்தக் கிளையில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

புதுக் கார்டு தரும்போது ஆன்லைன் வசதியை நிறுத்தியே கொடுங்கள். பதிலைத் தமிழில், தபாலில் அனுப்புங்கள். இன்னொன்று: புகார் இருக்கிறது என்று கணக்கையே முடக்கிவிட வேண்டாம். மாதக் கடைசியில் பென்ஷன் வரும். எனக்கும் வீட்டுக்காரிக்கும் மருந்து வாங்குவது அதில்தான்.

இப்படிக்கு,
மு. பழனியப்பன்

இணைப்பு: பாஸ்புக் நகல், குறுஞ்செய்திகளின் போட்டோ, 1930 புகார் நகல்.