குறுந்தொகையின் முதல் பக்கத்தில், யாழினிக்கும் கதிரவனுக்கும்

அன்பு மகள் யாழினிக்கும் மாப்பிள்ளை கதிரவனுக்கும்,

உங்கள் திருமண நாளில் இந்தக் குறுந்தொகையை உங்கள் இருவர் கைகளிலும் சேர்த்தே தருகிறேன். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டால்தான் இந்த நூல் முழுதாக விளங்கும் என்பது என் நெடுநாளைய எண்ணம். இதிலுள்ள 400-க்கும் மேற்பட்ட பாடல்களில் ஏறக்குறைய எல்லாமே 4 முதல் 8 அடிக்குள் முடிந்துவிடுகின்றன. தலைவி தோழியிடம், தோழி தலைவனிடம், தலைவன் தன் நெஞ்சிடம் என்று ஒவ்வொன்றும் யாரோ யாரிடமோ மனம் திறந்து சொல்லும் பேச்சாகவே அமைந்திருக்கிறது. ஆகவே நாளுக்கு ஒரு பாடல் போதும். உரக்கப் படியுங்கள், முறை வைத்துப் படியுங்கள்.

எல்லோரும் அறிந்த செம்புலப் பெயல்நீர் 40ஆம் பாடலில் இருக்கிறது. இரண்டு நெஞ்சங்கள் கலந்ததை அதைவிட அழகாக எவரும் சொல்லிவிடவில்லை என்றே நானும் நம்புகிறேன். ஆனாலும் நான் பென்சிலால் ஓரத்தில் கோடிட்டு வைத்திருப்பது 167ஆம் பாடலுக்குத்தான், ஏனென்றால் அது கலந்த பிறகு வரும் நாள்களைப் பாடுகிறது. எழுதியவர் கூடலூர் கிழார். புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் ஒருத்தி முற்றிய தயிரைத் தன் மெல்லிய விரல்களால் பிசைகிறாள். ஆடையைத் துவைத்து உடுத்தவும் அவளுக்கு நேரமில்லை. தாளிக்கும் புகை அவளுடைய மையுண்ட கண்களில் நிறைகிறது. அப்படித் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை ‘இனிது’ என்று சொல்லிக் கணவன் உண்ண, அவள் முகம் பிறர் பார்வைக்கு எளிதில் புலப்படாத அளவில் மெல்ல மலர்கிறது.

பாடல் அவ்வளவுதான். குழம்பு உண்மையிலேயே நன்றாக வந்திருந்ததா என்று புலவர் சொல்லவில்லை. துவைக்காத ஆடையையும் புகை படிந்த கண்களையும் நமக்குக் காட்டிவிட்டு, அவற்றையெல்லாம் பார்த்த ஒருவன் என்ன சொன்னான் என்பதை மட்டும் சொல்கிறார். மாப்பிள்ளை, யாழினி களைத்து நிற்கும் நாளில் இந்தப் பாடல் உங்கள் நினைவுக்கு வரட்டும். அடுப்பின் முன்னால் நீங்கள் நிற்கும் நாளில் அதே சொல்லை அவள் உங்களுக்குச் சொல்லட்டும். சொல்லத் தவறினால் சித்தி கோடிட்ட பக்கத்தை எடுத்து அவளிடம் காட்டுங்கள்.

யாழினி, இந்தப் பாடலைச் சொல்பவள் யார் தெரியுமா? அந்தப் பெண்ணை வளர்த்த செவிலித்தாய். மகள் குடித்தனம் நடத்தும் அழகை நேரில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பெற்ற தாயிடம் மகிழ்ச்சியோடு சொல்கிறாள். உன்னைத் தோளில் போட்டுத் தூங்கவைத்த எனக்கும் அந்த உரிமை உண்டு என்று எண்ணிக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அக்காவிடம் சொல்வதற்கு எனக்கும் இப்படி ஏதாவது கிடைக்க வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம், உன் முகத்தில் அந்த மலர்ச்சி இருந்தால் போதும்.

முதல் சில மாதங்கள் வேலையின் பொருட்டு நீங்கள் இருவரும் வேறு வேறு ஊர்களில் இருக்க நேரும் என்பதை அறிவேன். அந்த நாள்களுக்காக 41ஆம் பாடலுக்கும் ஒரு கோடு இட்டிருக்கிறேன். காதலர் அருகில் இருந்தால் விழா நடக்கும் ஊரைப் போல மகிழ்வேன் என்றும், அவர் பிரிந்தால் ஆட்கள் போய்விட்டபின் முற்றத்தில் அணில் விளையாடும் தனித்த வீட்டைப் போலப் பொலிவிழந்து வருந்துவேன் என்றும் அதில் ஒரு தலைவி சொல்கிறாள். அந்தப் புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலில் உள்ள அந்த முற்றத்தைக் கொண்டே அவரை அணிலாடு முன்றிலார் என்று அழைக்கிறோம். பிரிவு வருத்துகிறது என்று சொல்லிக்கொள்வதில் குறையொன்றும் இல்லை. தொலைபேசியில் பேசும் இரவுகளில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேளுங்கள். கடினமான சொற்கள் வந்தால் தயங்க வேண்டாம், உ.வே.சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட பதிப்பின் உரை பாடல்களுக்குக் கீழேயே இருக்கிறது.

இந்தப் புத்தகத்தை அலமாரியில் பூட்டிவைக்காதீர்கள். பக்கங்கள் மடங்கட்டும், உங்கள் கோடுகளும் என் கோடுகளோடு சேரட்டும். நூலின் இறுதியில் உள்ள வெற்றுத்தாள்களை உங்களுக்காகவே விட்டுவைத்திருக்கிறேன். மனத்தைத் தொட்ட பாடலின் எண்ணையும் அதைப் படித்த நாளையும் அங்கே குறித்துவையுங்கள். அடுத்த முறை வரும்போது நான் முதலில் புரட்டிப் பார்க்கப்போவது அந்தத் தாள்களைத்தான்.

நீங்கள் இருவரும் நலமும் நிறைவும் பெற்று, ஒருவருக்கொருவர் உற்ற துணையாக நீடூழி வாழ்க.

நெஞ்சு நிறைந்த ஆசிகளுடன்,
சித்தி மங்கையர்க்கரசி
16 பிப்ரவரி 2025